முத்திரைத்தாளில் ஒரே ஒரு வரி, பின்னால் ஐந்து வெள்ளைத்தாள்: தேதியும் பெயரும் பொருந்தவில்லை

செங்காங்மல்லி
22 மார்ச் 2025, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊரில் அம்மா வீட்டில் எனக்குப் பாதிப் பாகம், தம்பிக்குப் பாதிப் பாகம். வீட்டை விற்கப் போகிறோம். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், என்னால் போக முடியாததால் என் பாகத்தை விற்கத் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறேன். தஞ்சாவூரில் முத்திரைத்தாள் இரண்டு வாங்கிக் கூரியரில் அனுப்பியிருக்கிறான். பத்திர எழுத்தர் ஐந்து பக்கக் கோப்பை அனுப்பி, முதல் முத்திரைத்தாளில் இந்த வரியை மட்டும் அச்சிட்டு மற்றதை வெள்ளைத்தாளில் எடுத்தால் போதும் என்றார்:

"இந்த முத்திரைத்தாள் 10.03.2025 அன்று எழுதப்பட்ட பொது அதிகார ஆவணத்தின் ஒரு பகுதியாகும்."

அப்படியே அச்சிட்டுவிட்டேன். இரண்டாவது முத்திரைத்தாள் வெறுமையாகப் பின்னால் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை 27-ஆம் தேதி நோட்டரி முன்னால் கையெழுத்து. நேற்று இரவு எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோது மனசு ஒப்பவில்லை.

ஸ்டாம்ப் வெண்டர் தாளில் எழுதியிருக்கும் தேதி 14.03.2025. என் வரியில் 10.03.2025. வெண்டர் எழுதியிருப்பது தம்பி பெயர், என் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் நான் லெட்சுமி, ஊர்ப் பத்திரத்தில் லட்சுமி. இதில் எது பெரிய பிழை, எதை விட்டுவிடலாம்? இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

---

ஜூரோங்ராஜா
22 மார்ச் 2025, காலை 10.05

சிஸ்டர், எதற்கு முத்திரைத்தாள்? இங்கே எல்லாம் ஆன்லைன்தான். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் பணம் கட்டினால் முத்திரைச் சான்றிதழ் வந்துவிடும். கையெழுத்துப் போட்டு 14 நாளுக்குள் கட்ட வேண்டும். போன வருடம் என் வாடகை ஒப்பந்தத்துக்கு அப்படித்தான் செய்தேன், தாள் எதுவும் வாங்கவில்லை.

---

பத்திரக்காரர்மகன்
22 மார்ச் 2025, காலை 10.50

ராஜா தம்பி, நீங்கள் சொல்வது சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்கான வாடகை ஒப்பந்தத்துக்குச் சரி. அக்காவின் சொத்து தஞ்சாவூரில் இருக்கிறது. அந்தப் பவரை வாங்கிப் பார்க்கப் போகிறவர் அங்கே இருக்கும் சார்பதிவாளர். அதனால் இந்திய முத்திரைச் சட்டம்தான் இதற்குப் பொருந்தும்.

அக்கா, கும்பகோணத்தில் அப்பாவின் பத்திர எழுத்து அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றில் தேதிதான் பெரியது. 14-ஆம் தேதி விற்ற தாளில் 10-ஆம் தேதி எழுதிய பத்திரம் இருக்க முடியாது. பார்க்கிற யாருக்கும் முதல் பார்வையிலேயே முன்தேதியிட்ட ஆவணம் என்றுதான் தோன்றும். கூடவே, நீங்கள் கையெழுத்துப் போடப் போவது 27-ஆம் தேதி. பத்திரத்தின் தேதி என்பது கையெழுத்துப் போடும் நாள். கோப்பைத் தட்டச்சு செய்த நாளும் தாள் வாங்கிய நாளும் அதில் வரக்கூடாது. பத்திர எழுத்தர் கோப்பை 10-ஆம் தேதி தயார் செய்திருப்பார், அது அப்படியே தங்கிவிட்டது.

தம்பி பெயரில் தாள் வாங்கியதற்குக் கவலை வேண்டாம். எழுதிக் கொடுப்பவர் நீங்கள், எழுதி வாங்குபவர் அவர். இருவரில் ஒருவர் பெயரில் இருந்தால் எங்கள் பக்கம் அதைப் பிரச்சினையாக யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள் பெயரில் இருந்தால்தான் கேள்வி வரும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம் இருக்கிறது. ஒரே ஒரு சொத்தில் உங்கள் பாகத்தை விற்க மட்டும் என்றால் அது தனி அதிகார ஆவணம். உங்கள் வரியில் பொது அதிகார ஆவணம் என்று இருக்கிறது. கோப்பின் தலைப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது, அந்த வரியில் யாருடைய பெயரும் இல்லை, எத்தனை தாள் என்றும் இல்லை. அந்தத் தாளைக் கழற்றி வேறு எந்தப் பவருக்கும் முன்னால் வைத்துத் தைக்கலாம். முத்திரைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்க நினைப்பது இதைத்தான். முத்திரை ஆவணத்தின் முகத்தில் தெரிய வேண்டும், அதே முத்திரையை இன்னொரு ஆவணத்துக்குப் பயன்படுத்த முடியாதபடி எழுத வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

---

செங்காங்மல்லி
22 மார்ச் 2025, காலை 11.15

பார்த்துவிட்டேன் தம்பி. கோப்பின் தலைப்பு "தனி அதிகார ஆவணம்". என் வரியில் பொது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசிப் பக்கத்தில் "தஞ்சாவூரில் எழுதிக் கொடுத்தது" என்று இருக்கிறது. நான் கையெழுத்துப் போடுவது இங்கே அல்லவா?

---

ராபின்சன்சாலை
22 மார்ச் 2025, பிற்பகல் 12.30

இங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். அக்கா, அந்த ஊர்ப் பெயரைக் கட்டாயம் மாற்றுங்கள். நோட்டரி தன் சான்றிதழில் சிங்கப்பூரில் தன் முன்னிலையில் கையெழுத்தானது என்று எழுதுவார். பத்திரத்தில் தஞ்சாவூர் என்று இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அதை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் நோட்டரி கையெழுத்துப் போட மாட்டார்.

அதற்கப்புறம் சான்றிதழும் உங்கள் தாள்களும் ஒன்றாகக் கட்டப்பட்டு முத்திரை வைக்கப்படும். பிறகு சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா, ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள வைக்கும் அப்போஸ்டீல் சான்று கொடுக்கும். 2021 செப்டம்பர் 16 முதல் இங்கே அது நடைமுறையில் இருக்கிறது. கட்டிய பிறகு நடுவில் ஒரு தாளில் தவறு தெரிந்தால் அந்தத் தாளை மட்டும் மாற்ற முடியாது. முதலிலிருந்து வர வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் பத்திரக்காரர்மகன் அண்ணனோடு எனக்கு ஒத்துவரவில்லை. முத்திரைத்தாளில் ஒரு வரி மட்டும் போடுவது தவறு என்பது போல் அவர் எழுத்து தொனிக்கிறது. இந்தியாவிலிருந்து எங்களுக்கு வரும் வங்கிக் கடன் பத்திரங்கள், கம்பெனி ஒப்பந்தங்கள் நிறைய அப்படித்தான் இருக்கின்றன. வரியில் இரு தரப்பின் முழுப் பெயர், ஆவணத்தின் தலைப்பு, தேதி, மொத்தத் தாள் எண்ணிக்கை எல்லாம் இருந்து, அதன் கீழே கையெழுத்தும் இருந்தால் போதும் என்றுதான் பார்த்து வந்திருக்கிறேன்.

---

பத்திரக்காரர்மகன்
22 மார்ச் 2025, பிற்பகல் 1.20

வழக்கத்தில் இருப்பது எனக்கும் தெரியும் தம்பி. ஆனால் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய முத்திரை விதிகள் வேறு மாதிரி சொல்கின்றன. முத்திரைத்தாளில் முழுதும் எழுத இடம் போதாவிட்டால் வெள்ளைத்தாள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளைத்தாளில் எதையும் எழுதும் முன், ஆவணத்தின் கணிசமான பகுதி முத்திரைத்தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "இது அந்த ஆவணத்தின் பகுதி" என்று சொல்லும் வரி, ஆவணத்தின் கணிசமான பகுதி ஆகுமா? என் அப்பா ஆகாது என்பார். தலைப்பு, தேதி, எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சொத்து எப்படி வந்தது என்பது வரைக்கும் முத்திரைத்தாளிலேயே ஓடவிட்டு, இடம் முடிந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போவார்.

இன்னொரு விதியும் உண்டு. முத்திரைத் தீர்வையைக் கூட்டிக் கொள்ள இரண்டு முத்திரைத்தாள் வைத்தால், ஒவ்வொன்றிலும் ஆவணத்தின் ஒரு பகுதி எழுதியிருக்க வேண்டும். அக்காவின் இரண்டாவது தாள் வெறுமையாக இருக்கிறது. அதை எண்ணிக்கையில் சேர்க்காமல் தள்ளிவிட்டால் தீர்வை குறைவாகிவிடும்.

---

தேக்காவாசி
22 மார்ச் 2025, பிற்பகல் 2.10

ஒரு எச்சரிக்கை. முத்திரைத்தாளுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், அதற்குள் பயன்படுத்திவிட வேண்டும். இரண்டு தாள் என்றால் இரண்டும் ஒரே நாளில், ஒரே வெண்டரிடம், வரிசை எண்ணோடு வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. என் மாமா விஷயத்தில் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள்.

---

பத்திரக்காரர்மகன்
22 மார்ச் 2025, பிற்பகல் 3.00

தேக்காவாசி அண்ணே, கவுன்டரில் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புவது நடக்கிறது, மறுக்கவில்லை. வேறு சில மாநிலங்களின் விதியில் வரிசை எண் நிபந்தனையும் இருக்கிறது. ஆனால் இது நம் ஊர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த விஷயம். திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள், தீர்ப்பு 2008. அதில் 1980 ஜனவரியில் எழுதியதாகச் சொன்ன கிரய ஒப்பந்தம் இரண்டு முத்திரைத்தாளில் இருந்தது. ஒரு தாள் 1973-இல் வாங்கியது, இன்னொன்று 1978-இல் வாங்கியது. ஆறு மாதம் என்பது பயன்படாத தாளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான காலக்கெடு, 54-ஆம் பிரிவில் வருவது. தாளைப் பயன்படுத்த அது கெடு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டு விதியில் இரண்டையும் சேர்த்து ஒரே வெண்டரிடம் தொடர் எண்ணில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்றும் சொன்னது.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. இப்படிப்பட்ட பழைய தாள்கள் ஆவணம் உண்மையா என்று சந்தேகப்பட ஒரு காரணமாகலாம். தாளின் வயதை மட்டும் வைத்துச் செல்லாது என்று சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான். அதனால் உங்கள் எச்சரிக்கையும் வீண் இல்லை. அக்காவின் தாள் இரண்டு வாரம் கூட ஆகாதது. அவருக்கு அந்தப் பயம் தேவையில்லை.

---

யீஷூன்அக்கா
22 மார்ச் 2025, மாலை 6.45

மல்லி, நான் பட்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். திருச்சியில் எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டோம். முத்திரைத்தாளில் ஒரு வரி, பின்னால் நான்கு வெள்ளைத்தாள். நான் முத்திரைத்தாளிலும் கடைசித் தாளிலும் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்துக் குடியிருந்தவரோடு தகராறு வந்தபோது அவர் காட்டிய பிரதியில் நடுப்பக்கம் வேறாக இருந்தது. முன்பணத் தொகை என் பிரதியில் ஒன்று, அவர் பிரதியில் ஒன்று. முத்திரைத்தாளும் கடைசித் தாளும் என் கையெழுத்தோடு அசல். நடுவில் இருப்பது எது அசல் என்று என்னால் காட்ட முடியவில்லை. வரியில் எத்தனை தாள் என்று இல்லை, நடுத்தாள்களில் கையெழுத்தும் இல்லை. கடைசியில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள், நான்தான் பணம் இழந்தேன். நடுத்தாள் ஒவ்வொன்றிலும் கீழே கையெழுத்துப் போடு. அதை விட்டுவிடாதே.

---

செங்காங்மல்லி
22 மார்ச் 2025, இரவு 8.20

அக்கா, படித்ததும் வயிறு கலங்கியது. எல்லாத் தாளிலும் போடுகிறேன்.

பத்திரக்காரர்மகன் தம்பி, ஒரு வரி வழியை விட்டுவிட்டு நீங்கள் சொன்னபடி முத்திரைத்தாளிலேயே உரையைத் தொடங்குகிறேன். ஆனால் முதல் தாளில் அந்தத் தவறான வரி அச்சாகிவிட்டதே. அதை அடித்துவிட்டு மேலே எழுதலாமா?

---

பத்திரக்காரர்மகன்
22 மார்ச் 2025, இரவு 9.05

அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டால் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் அடித்தல், இடைச்செருகல், வெற்றிடம் இவற்றை எழுதிக் கொடுத்தவர் கையொப்பமிட்டு உறுதி செய்யாவிட்டால் பதிவு அதிகாரி மறுக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் தாளில் அடிபடுவது ஒரு எழுத்துப் பிழை இல்லை. வேறு தேதியும் வேறு தலைப்பும் கொண்ட ஒரு முழு வாக்கியம். அதுவும் முதல் தாளின் நெற்றியில். நானாக இருந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிடுவேன்.

வெறுமையாக இருக்கும் தாளை முதல் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதே மதிப்பில் இன்னொன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அது வேறு தேதியில் இருக்கும், வேறு எண்ணில் இருக்கும். தேக்காவாசி அண்ணனுக்கு மேலே எழுதிய காரணத்தால் அதில் தடை இல்லை. ஆனால் அந்தத் தாளை வாங்கும் தேதியும் 27-க்குள் இருக்க வேண்டும்.

மதிப்புப் போதுமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளத் தம்பியிடம் சொல்லுங்கள். வெளிநாட்டில் எழுதிய ஆவணம் இந்தியாவுக்குள் முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையிட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. சிலர் இங்கே வெள்ளைத்தாளிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பி, ஊரில் தீர்வை கட்டிக்கொள்வது அதனால்தான். அந்த வழியில் போயிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் தாள் வாங்கியாகிவிட்டது.

---

செங்காங்மல்லி
25 மார்ச் 2025, இரவு 10.10

திருச்சி விமானத்தில் வந்த தம்பியின் நண்பர் மூலம் புதுத்தாள் இன்று மாலை கையில் கிடைத்தது. வெண்டர் தேதி 24.03.2025. நாளைக்கு அச்சிடப் போகிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

---

ராபின்சன்சாலை
25 மார்ச் 2025, இரவு 10.35

முத்திரைத்தாளை அச்சுப்பொறியில் வைக்கும் முன் சாதாரணத் தாளில் ஒத்திகை பாருங்கள். இங்கே அலுவலக அச்சுப்பொறிகள் இருபக்கமும் அச்சிடும்படிதான் வைக்கப்பட்டிருக்கும். அணைக்க மறந்தால் இரண்டாம் பக்கம் முத்திரைத்தாளின் முதுகில் விழுந்துவிடும். முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். "தாளுக்கு ஏற்பப் பொருத்து" என்று இருந்தால் எழுத்தைச் சுருக்கி இடம் மாற்றிவிடும். மேலே முத்திரைப் படத்துக்கும் வெண்டர் எழுத்துக்கும் விட வேண்டிய இடத்தை அளவுகோல் வைத்து அளந்து, முதல் இரண்டு தாளுக்கு மட்டும் மேல் ஓரத்தை அதிகமாக்குங்கள். வெண்டர் எழுதிய பெயர், தேதியின் மேல் உங்கள் எழுத்து ஏறக்கூடாது. பின்னால் சரிபார்க்கிறவருக்கு அதுதான் ஆதாரம்.

தேதியை அச்சிடாதீர்கள். "2025 மார்ச் மாதம் ___ தேதி" என்று விட்டு, நோட்டரி முன்னால் பேனாவால் எழுதுங்கள். அன்றைக்கு நேரம் மாறினாலும் தாள் வீணாகாது.

---

பத்திரக்காரர்மகன்
25 மார்ச் 2025, இரவு 11.00

தம்பி சொன்னது எல்லாம் சரி. அந்த வெற்றிடத்தைக் கடைசித் தாளிலும் சேர்த்து நிரப்ப வேண்டும். முதல் தாளில் நாள் எழுதிவிட்டுக் கடைசித் தாளில் மறந்து விட்டுவிடுவார்கள்.

பெயருக்கு "லட்சுமி என்ற லெட்சுமி" என்று போட்டு, பாஸ்போர்ட் எண்ணும் சேருங்கள். நோட்டரி பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், சார்பதிவாளர் தாய்ப்பத்திரத்தைப் பார்ப்பார். இருவருக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் "6 தாள்கள் கொண்ட ஆவணத்தின் 1-வது தாள்" என்று வரிசையாக வரட்டும். மொத்தம் எத்தனை வருகிறதோ அந்த எண். அச்சிட்ட பிறகு ஒவ்வொரு தாளின் கடைசி வரியையும் அடுத்த தாளின் முதல் வரியையும் இங்கே எழுதுங்கள். சொத்து விவரம், கதவு எண் எதுவும் வேண்டாம்.

---

செங்காங்மல்லி
26 மார்ச் 2025, இரவு 9.15

அச்சிட்டாகிவிட்டது. முத்திரைத்தாள் இரண்டு, வெள்ளைத்தாள் நான்கு, மொத்தம் ஆறு. நீங்கள் கேட்டபடி:

2-வது தாள் முடிவது: "...வாங்குபவரிடமிருந்து முன்பணம் பெற்றுக்கொண்டு"
3-வது தாள் தொடங்குவது: "சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆஜராகிப் பதிவு செய்து கொடுக்கவும்..."

மற்றவையும் இப்படியே கோர்வையாக வருகின்றன. படித்துப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை.

---

பத்திரக்காரர்மகன்
26 மார்ச் 2025, இரவு 9.40

அக்கா, ஒரு நிமிடம். முன்பணம் பெற்றுக்கொண்டு நேராகப் பதிவுக்குப் போகிறதா? நடுவில் கிரயப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் அதிகாரம் எங்கே? அது வேறு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். "பெற்றுக்கொண்டு" என்று ஒரு பக்கம் முடிந்தால் அதன் பின்னால் எந்த வினை வந்தாலும் தமிழில் பொருந்திவிடும். ஓசையில் தடுக்காது. அதனால் வாசித்துப் பார்த்தது போதாது, கோப்போடு ஒப்பிட வேண்டும்.

---

செங்காங்மல்லி
26 மார்ச் 2025, இரவு 10.30

தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகள் திரையில் கோப்பை வாய்விட்டு வாசித்தாள், நான் தாளில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். இரண்டாம் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் நடுவில் இரண்டு வரி காணோம்:

"ரசீது கொடுக்கவும், என் பாகத்தைப் பொறுத்துக் கிரயப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவும்,"

எப்படி நடந்தது என்றும் கண்டுபிடித்துவிட்டோம். ஒத்திகைக்காக ஆறு தாளும் வெள்ளைத்தாளில் அச்சிட்டேன். அப்புறம்தான் முதல் தாளில் "என்ற லெட்சுமி" என்பதையும் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்தேன். அதில் உரை இரண்டு வரி கீழே நகர்ந்திருக்கிறது. புதுக் கோப்பிலிருந்து முத்திரைத்தாள் இரண்டையும் அச்சிட்டுவிட்டு, மூன்று முதல் ஆறு வரை ஒத்திகைத் தாள்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று அவற்றையே சேர்த்துவிட்டேன். புது இரண்டாம் தாள் இரண்டு வரி முன்னதாகவே முடிகிறது. பழைய மூன்றாம் தாள் அந்த இரண்டு வரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அடியில் "6 தாள்கள் கொண்ட ஆவணத்தின் 3-வது தாள்" என்று இரண்டிலும் ஒரே மாதிரி இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

---

பத்திரக்காரர்மகன்
26 மார்ச் 2025, இரவு 10.50

தாள் எண் எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும், தொடர்ச்சியைக் காட்டாது. நல்ல வேளை, முத்திரைத்தாள் இரண்டும் சரியான கோப்பில் இருந்து வந்திருக்கின்றன. மூன்று முதல் ஆறு வரை புதிதாக அச்சிட்டால் போதும். ஒத்திகைத் தாள்களை இப்போதே கிழித்துப் போடுங்கள், நாளைக்குக் கையோடு எடுத்துப் போகும் உறைக்குள் அவை இருக்கவே கூடாது.

அந்த இரண்டு வரி இல்லாமல் போயிருந்தால் தம்பி முன்பணம் வாங்கலாம், அலுவலகத்துக்குப் போகலாம். ஆனால் உங்கள் பாகத்துக்குக் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட அவருக்கு அதிகாரம் எழுத்தில் இல்லை. வாங்குகிறவர் பணத்தோடு வந்து நிற்கும் நாளில்தான் அது தெரிந்திருக்கும்.

---

தேக்காவாசி
26 மார்ச் 2025, இரவு 11.20

மாமா விஷயத்திலும் நடுப்பக்கம்தான் பிரச்சினை என்று அத்தை ஒருமுறை சொன்னார். நான் தாள் தேதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு அந்தப் பழைய பத்திரத்தை வாங்கிப் பார்க்கிறேன்.

---

செங்காங்மல்லி
27 மார்ச் 2025, மாலை 5.30

கையெழுத்து முடிந்தது. நோட்டரி ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்தார். வெண்டர் தேதி இரண்டையும் பார்த்தார், ஏன் வேறு வேறு என்று கேட்டார், சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தாளிலும் கடைசித் தாளிலும் 27 என்று என் கையால் எழுதினேன். ஆறு தாளின் அடியிலும் கையெழுத்து. யீஷூன் அக்கா, உங்களை நினைத்துக்கொண்டே போட்டேன்.

---

ராபின்சன்சாலை
27 மார்ச் 2025, மாலை 6.15

நல்லது அக்கா. ஒரு வரி விஷயத்தில் நான் இன்னும் என் பக்கம்தான் இருக்கிறேன். பெயர், தலைப்பு, தேதி, தாள் எண்ணிக்கை எல்லாம் உள்ள வரியும் ஆவணத்தின் உரைதான், அதன் கீழே தரப்பினர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் சார்பதிவாளரிடம் போகும் பவருக்கு அண்ணன் சொன்ன வழியில் கேள்வி குறைவாக வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

பத்திரக்காரர்மகன்
27 மார்ச் 2025, இரவு 8.00

"கணிசமான பகுதி" என்றால் எத்தனை வரி என்று விதியில் எண் இல்லை தம்பி, அதனால் நாம் இருவரும் இதைப் பேசிக்கொண்டே இருக்கலாம். பதிவுக்குப் போகாத கம்பெனி ஒப்பந்தத்தில் உங்கள் வழக்கத்தை யாரும் எடுத்துக் கேட்காமல் இருக்கலாம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு எடுத்துக் கேட்கும்போதுதான் தெரியும்.

அக்கா, அப்போஸ்டீல் வந்ததும் கூரியரில் அனுப்புவீர்கள் அல்லவா? தம்பியிடம் அந்த உறையைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீர்வை ஏதாவது குறைவு என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சொன்னால், மூன்று மாதம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று காட்ட உறையில் இருக்கும் பட்டுவாடா தேதி வேண்டும்.

---

செங்காங்மல்லி
27 மார்ச் 2025, இரவு 8.25

இப்போதே அவனுக்குச் செய்தி போட்டுவிட்டேன். ஒதுக்கி வைத்த அந்த முதல் தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. என் கையெழுத்து இல்லை, ஆனால் தம்பி பெயரும் வெண்டர் முத்திரையும் அதில் இருக்கின்றன. அதையும் ஊருக்கே அனுப்பி வெண்டரிடம் கேட்கச் சொல்லட்டுமா, இல்லை இங்கேயே குறுக்கே கோடு போட்டு வைத்துக்கொள்ளட்டுமா?